மீட்டரைப் பூட்டியும் தண்ணி நிக்கேல்லை: வெள்ளவத்தை வீடொண்டில 24 நிமிசம்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை 6.19க்கு எனக்கு ஒரு கோல் வந்தது. வெள்ளவத்தையில காலி ரோட்டில இருந்து கடல் பக்கம் இறங்கிற லேன் ஒண்டில இருக்கிற ரெண்டு மாடி வீடு, கீழ ரிட்டயர் ஆன டீச்சர் அன்ரி, மேல அவவின்ட மகனும் மருமகளும் 4 வயசுப் பிள்ளையும். நான் அந்த வீட்டுக்கு முந்தி ஒருக்கா கொமோட் மாத்தப் போயிருக்கிறன், அதால நம்பர் வச்சிருந்தவை. மருமகள்தான் எடுத்தது, "அண்ணா பாத்ரூம்ல பைப் உடைஞ்சிட்டு, மீட்டரை எல்லாம் பூட்டிட்டம், ஆனா தண்ணி நிக்குதே இல்லை" எண்டு ஒரே மூச்சில சொன்னவா. பின்னுக்கு தண்ணி சுவர்ல அடிக்கிற சத்தம் எனக்கு வடிவா கேட்டது.

உடைஞ்சது 6.10க்கு, நிண்டது 6.34க்கு. இந்த 24 நிமிசத்தில என்ன நடந்தது, எந்த இடத்தில நேரம் போனது, ஏன் போனது எண்டு பிறகு அவையோட இருந்து ஒண்டொண்டா கேட்டு எழுதி வச்சனான். ஏனெண்டா இதே மாதிரி வீடுகள் கொழும்பில ஆயிரக்கணக்கில இருக்கு, எல்லா வீட்டிலயும் ஆக்கள் முதல்ல ஓடுறது கேற்றடி மீட்டருக்குத்தான், அங்க போய் வால்வைப் பூட்டிப்போட்டு தண்ணி நிக்கேல்லை எண்டதும் என்ன செய்யிறதெண்டு தெரியாம நிக்கிறவை.

முதல்ல வீட்டின்ட தண்ணி எப்பிடி ஓடுது எண்டு சொல்லோணும், அது விளங்காட்டி மிச்சம் ஒண்டும் விளங்காது. வாட்டர் போர்ட் லைன் ரோட்டில இருந்து கேற்றடிக்கு வந்து மீட்டருக்குள்ளால வீட்டுக்குள்ள வருது. அங்க இருந்து அது ரெண்டாப் பிரியுது. ஒரு பைப் நேர குசினி டெப்புக்கும் முத்தத்து டெப்புக்கும் போகுது, இதைத்தான் நாங்கள் லைன் தண்ணி எண்டு சொல்றது. மற்ற பைப் சுவரோட மேல ஏறி மொட்டை மாடியில இருக்கிற 1000 லீட்டர் தாங்கிக்குப் போகுது, அங்க மிதவை வால்வு ஒண்டு இருக்கு, தாங்கி நிறைஞ்சா அது தானாப் பூட்டிக்கொள்ளும். தாங்கியின்ட அடிப்பக்கத்தால வேற ஒரு பைப் வெளிக்கிட்டு இறங்கி மேல் பாத்ரூம், கீழ் பாத்ரூம் ரெண்டுக்கும் தண்ணி குடுக்குது. வோட்டர் கட் வாற நாளில பாத்ரூமுக்குத் தண்ணி வேணும் எண்டுதான் இப்பிடிச் செய்யிறது.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ, பாத்ரூம் பைப் உடைஞ்சா அதால வாறது மீட்டர்ல இருந்து வாற தண்ணி இல்லை, ஏற்கனவே மொட்டை மாடியில சேர்ந்து கிடக்கிற 1000 லீட்டர். மீட்டரைப் பூட்டினா என்ன நடக்கும் எண்டா தாங்கிக்குப் புதுசாத் தண்ணி ஏறாது, அவ்வளவுதான். மேல இருக்கிற தண்ணி தன்ட பாட்டில இறங்கிக்கொண்டே இருக்கும், நிறைஞ்ச தாங்கி எண்டா முக்கால் மணித்தியாலம் வரைக்கும் கூட இறங்கும்.

அண்டைக்கு நடந்தது இதுதான். ஷவருக்குக் கீழ வாளி பிடிக்கிற டெப் ஒண்டு இருக்கு, மருமகள் காலமை வாளியை வச்சு அதைத் திறக்க டெப் அப்பிடியே கையோட கழண்டு வந்திட்டு. சுவர்ல விரல் மொத்தத்துக்கு ஓட்டை, அதால தண்ணி நேர எதிர்ச் சுவருக்கு அடிக்குது. அவா கத்த, மகன் படுக்கையில இருந்து எழும்பி நேர கேற்றடிக்கு ஓடி மீட்டர்ப் பெட்டியைத் திறந்து வால்வைப் பூட்டினவர். அது 6.13. மேல இருந்து "நிக்கேல்லை நிக்கேல்லை" எண்டு சத்தம் வர, தான் மற்றப் பக்கம் திருப்பிட்டன் போல எண்டு நினைச்சு திரும்பவும் திறந்து, பிறகு பூட்டி, பிறகு திறந்து, அப்பிடியே திறந்தபடி விட்டிட்டு மேல ஓடி வந்திருக்கிறார். 6.16. அதுக்குப் பிறகு தாங்கித் தண்ணி ஒரு பக்கம் குறையக் குறைய மிதவை இறங்கி லைன் தண்ணியும் உள்ள ஏறத் தொடங்கிட்டுது.

அவரைக் குறை சொல்ல ஏலாது. வால்வைப் பூட்டினா தண்ணி நிக்கோணும், நிக்காட்டி வால்வு பிழை, அப்பிடித்தான் எவரும் நினைப்பினம். ஆனா மீட்டர் பக்கத்தில நிண்டு பாக்க ஒரு வழி இருக்கு, மீட்டர்க் கண்ணாடிக்குள்ள சின்னதா ஒரு சக்கரம் இருக்கும், தண்ணி ஓடினா சுத்தும். வால்வைப் பூட்டினதும் அது நிண்டிட்டுது எண்டா நீங்கள் சரியான பக்கம்தான் பூட்டியிருக்கிறீங்கள், மேல இன்னும் தண்ணி வருதெண்டா அது தாங்கித் தண்ணி. திரும்பவும் திறக்கக் கூடாது, அப்பிடியே விட்டிட்டு தாங்கியடிக்குப் போகோணும். அந்த வீட்டில காலமை தாங்கி நிறைஞ்சு கிடந்தபடியால மிதவை பூட்டித்தான் இருந்திருக்கும், அவர் போன நேரம் சக்கரம் மெதுவாத்தான் சுத்தியிருக்கும், அதால இதுவும் எப்பவும் கண்ணுக்கு வடிவாத் தெரியும் எண்டு சொல்ல மாட்டன்.

நான் தெஹிவளையில இருக்கிறன், மோட்டர் சைக்கிள்ல வெளிக்கிட்டாலும் போய்ச் சேர நேரம் எடுக்கும், அதால கோலை வச்சிட்டு ஓடாம போன்லயே நிண்டன். முதல் கேள்வி தண்ணி கீழ இறங்கிட்டுதா எண்டு கேட்டன். கீழ ஹோல்ல லைற் இருக்கிற ஓட்டையால சொட்டுது எண்டு அன்ரி சொல்றா எண்டு சொன்னவா. அப்ப மற்ற எல்லாத்தையும் விட்டிட்டு கரண்டைத்தான் முதல் பாக்கோணும். கரண்ட் போர்ட் வாசல் பக்கம் காஞ்ச சுவர்ல இருக்கு, அங்க நிலம் ஈரமில்லை எண்டு உறுதியாக் கேட்ட பிறகு, காஞ்ச செருப்பைப் போட்டுக்கொண்டு காஞ்ச கையால மெயின் சுவிட்சைக் கீழ போடச் சொன்னன், அன்ரி போட்டவா. ட்ரிப் சுவிட்ச் தானா விழும் எண்டு காத்திருக்கக் கூடாது, அது விழ முந்தியே ஈர நிலத்தில நிக்கிற ஆளுக்கு அடிச்சாலும் அடிக்கும். போர்ட்டே நனைஞ்சிருந்தா, இல்லாட்டி அதுக்குப் போற வழியில தண்ணி நிண்டா, அதைத் தொடவே கூடாது, ஆக்களை வெளிய எடுத்துப்போட்டு கரண்ட்காரரைத்தான் கூப்பிடோணும். சுடுதண்ணிக் கீசரும் அந்த மெயினோட சேர்ந்து நிண்டது நல்லது, தண்ணி இறங்கின கீசர் வெறுமையா சூடாகி உள்ளுக்க எரிஞ்சு போறது இன்னொரு செலவு.

அதே நேரம் மகனைத் திரும்பவும் மீட்டருக்குப் போய் பூட்டச் சொன்னன், பூட்டினா பூட்டினபடி விடுங்கோ, தண்ணி நிக்காட்டியும் திறக்காதேங்கோ எண்டு.

அடுத்தது நான் கேட்டது, பாத்ரூம் நிலத்தில தண்ணி எவ்வளவு நிக்குது எண்டு. கணுக்கால் அளவு, வாசல்படி தாண்டி ரூமுக்குள்ள போகுது எண்டா. அங்கதான் எனக்கு விளங்கினது, தண்ணி வாறது பிரச்சினை இல்லை, போகாததுதான் பிரச்சினை. பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டைக்கு மேல சின்னச் சின்ன துளை போட்ட மூடி ஒண்டு இருக்குமே, அதில தலைமயிரும் சவர்க்காரமும் அடைச்சுப் போய்க் கிடக்கும், குளிக்கிற தண்ணிக்கு அது மெதுவாப் போகும், உடைஞ்ச பைப் தண்ணிக்குப் போகாது. மூடியைக் கரண்டிக் காம்பால நெம்பி எடுத்து கைவிட்டு அடைப்பை இழுக்கச் சொன்னன். கீழ இருக்கிற கழிவு பைப் நல்ல மொத்தம், அதுக்கு நிமிசத்துக்கு 25, 30 லீட்டர் எல்லாம் ஒண்டுமே இல்லை. மூடி கழண்டதும் நிலத்துத் தண்ணி மளமளவெண்டு இறங்கிட்டுது எண்டு அவாவே சொன்னவா, குரல்ல இருந்த பதட்டமும் அப்பதான் கொஞ்சம் குறைஞ்சது. இந்த ஒரு வேலையை 6.10க்கே செய்திருந்தா ரூமுக்குள்ளயும் கீழ ஹோலுக்கும் தண்ணி அவ்வளவா போயிருக்காது எண்டுதான் நான் இப்பவும் நினைக்கிறன், வால்வு ஒண்டும் பூட்டாமலே.

பிறகு ஓட்டையால அடிக்கிற தண்ணியை வழிப்படுத்தினம். முத்தத்தில பூக்கண்டுக்குத் தண்ணி விடுற ஹோஸ்ல எட்டுற நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி ஒரு முனையை அந்த ஓட்டைக்குள்ள தள்ளி மற்ற முனையை தண்ணி போற ஓட்டைக்குள்ள விடச் சொன்னன். தாங்கித் தண்ணிக்கு அமுக்கம் பெரிசா இல்லை, 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அமுக்கம் வரும், இந்த வீட்டில தாங்கித் தண்ணி மட்டத்துக்கும் உடைஞ்ச டெப்புக்கும் இடையில 4 மீட்டர்தான். அதால கையால பிடிச்சே ஹோஸைத் தள்ளலாம், கொஞ்சம் ஒழுகும், பரவாயில்லை. லைன் தண்ணி எண்டா இது சரிவராது, அது ஹோஸைத் தூக்கி எறிஞ்சிடும், ஆனா லைன் தண்ணி எண்டா மீட்டரைப் பூட்டின உடன நிண்டிருக்கும்.

அதோட கீழ் பாத்ரூம்ல இருக்கிற டெப், ஷவர் எல்லாத்தையும் முழுசாத் திறக்கச் சொன்னன். அன்ரி "இன்னும் தண்ணியை வீணாக்கவோ தம்பி" எண்டு கேட்டவா, பாவம். விசயம் என்னெண்டா ரெண்டு பாத்ரூமும் ஒரே பைப்பில இருந்துதான் தண்ணி எடுக்குது, கீழ இருக்கிற டெப் இன்னும் தாழ்வில இருக்கிறபடியால தண்ணி அந்தப் பக்கம் ஓடப் பாக்கும், மேல உடைஞ்ச ஓட்டைக்கு வாறது குறையும். அந்தத் தண்ணி எப்பிடியும் போகப் போற தண்ணிதான், அது நிலத்துக்கு மேலால போகாம ஒழுங்கா கானுக்குப் போகட்டும். திறந்த உடன மேல தண்ணி பாதியாக் குறைஞ்சது எண்டு மருமகள் சொன்னவா, 6.24 இருக்கும்.

மகன் மீட்டரைப் பூட்டிப்போட்டு இப்ப மொட்டை மாடிக்கு ஏறிட்டார். தாங்கியடியில இருந்து வெளிக்கிடுற பைப்பில ஒரு கேட் வால்வு இருக்கு, பித்தளை, வட்டமான சிவப்புக் கைபிடி. திருப்பினா திரும்புது, திரும்பிக்கொண்டே இருக்கு, முடிவே இல்லை, தண்ணியும் குறையேல்லை. எனக்கு அந்த ஒரு வசனத்திலயே விளங்கிட்டுது. கேட் வால்வுக்குள்ள ஒரு தகடு இருக்கு, கைபிடியைத் திருப்பத் திருப்ப அது மேல கீழ போய் வழியை அடைக்கும். வீடு கட்டின நாள்ல இருந்து ஆரும் அதைத் தொடேல்லை எண்டா தகடு உள்ள உப்பும் மண்ணும் பிடிச்சு இறுகிடும், ஆரோ ஒருநாள் பலமாத் திருப்ப திருகாணிக்கும் தகட்டுக்கும் இடையில இருக்கிற பிடி உடைஞ்சு போகும். அதுக்குப் பிறகு கைபிடி சுத்தும், தகடு இருந்த இடத்திலயே இருக்கும். வெளியில பாத்தா நல்ல வால்வு மாதிரித்தான் இருக்கும். நல்ல கேட் வால்வு எண்டா சில சுத்து சுத்தி இறுகி நிக்கோணும், நிக்காமச் சுத்தினா அது செத்த வால்வு, பிறகு குறடு போட்டு முறுக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை, பழைய பிவிசி பைப்பே தாங்கியடியில உடைஞ்சிட்டா பிறகு முழுத் தாங்கியும் ஒரே அடியா இறங்கும்.

அப்ப உள்ளுக்க இருந்துதான் அடைக்கோணும். தாங்கி மூடியைத் திறந்து பாத்தா தண்ணி பாதிக்கும் கீழ போயிட்டுது, கை எட்டாது. பழைய துவாய் ஒண்டை இறுக்கமா உருட்டி, கைமுட்டி அளவுக்கு, அதை ரெண்டு ஷொப்பிங் பேக்குக்குள்ள போட்டு, நிலம் துடைக்கிற தடி முனையில நல்லாக் கட்டச் சொன்னன். பைப் ஓட்டை ஒரு இஞ்சிதான், உருண்டை அதைவிட நல்லாப் பெரிசா இருக்கோணும், இல்லாட்டி பைப்புக்குள்ள போய் இறுகி இன்னொரு பிரச்சினை வரும். தடியைச் சரிச்சு தண்ணி வெளிக்கிடுற ஓட்டைப் பக்கம் கொண்டு போனா, கிட்டப் போக தண்ணியே அதை இழுத்து ஓட்டையோட ஒட்ட வைக்கும். தாங்கிக்குள்ள தலையை விடவோ இறங்கவோ வேண்டாம் எண்டு ரெண்டு தரம் சொன்னன், ஏனெண்டா அவசரத்தில அப்பிடிச் செய்யிற ஆக்களைக் கண்டிருக்கிறன், வழுக்கிற ஸ்லெப்பில நிண்டு குனியிறது அதைவிடப் பயம். முதல் தரம் சரிவரேல்லை, தடி வழுக்கிட்டு. ரெண்டாந்தரம் "அண்ணா பிடிச்சிட்டுது, இழுக்குது" எண்டு கத்தினார். மேல் பாத்ரூம்ல தண்ணி நூல் மாதிரி வந்து, பிறகு சொட்டாகி நிண்டது. 6.34.

நான் போக 6.50 ஆகிட்டு. தாங்கியில கால்வாசிக்குக் கொஞ்சம் மேல தண்ணி மிச்சம் இருந்தது. பிறகு திருத்தி முடிய தாங்கியை நிறைச்சு, அந்தச் சுவர்ப் பைப்பைத் திறந்து விட்டு 15 லீட்டர் வாளி ஒண்டு வச்சுப் பாத்தன், 35 செக்கனில நிறைஞ்சது. அப்பிடி எண்டா நிமிசத்துக்கு 26 லீட்டர் கிட்ட. கீழ டெப்புகளைத் திறக்க முந்தின 14 நிமிசத்தில மட்டும் 350 லீட்டருக்கு மேல பாத்ரூமுக்குள்ள கொட்டியிருக்கு, அதில கனக்க ரூமுக்கும் படிக்கும் கீழ ஹோலுக்கும்தான் போனது, ஏனெண்டா கான் அடைச்சுக் கிடந்தது. கட்டில் மெத்தையின்ட அடி, அலுமாரியின்ட கால், பிள்ளையின்ட புத்தகங்கள், கீழ சீலிங் பெயின்ற் எல்லாம் போச்சு.

சரி, ஏன் உடைஞ்சது. கழண்டு வந்த டெப்பைக் கையில எடுத்துப் பாத்தன். திருகாணிப் பக்கத்தைச் சுத்தி சாம்பல் நிறத்தில பிவிசி வளையம் ஒண்டு ஒட்டிக்கொண்டு இருந்தது. டெப் தானாக் கழரேல்லை, சுவருக்குள்ள பைப்பை டெப் பக்கம் வளைச்சு விடுற மூட்டு, அதைத்தான் எல்போ எண்டு சொல்றது, அதின்ட வாய்தான் உடைஞ்சு டெப்போட வந்திருக்கு. அந்த வளையத்தில ஒரு பக்கம் வெடிப்பு பழசு, மண்ணிறமாக் கறை பிடிச்சிருந்தது, மற்றப் பக்கம் புது உடைவு, வெள்ளையா. எண்டா வெடிப்பு மாசக்கணக்காகவே இருந்திருக்கு. "சுவர் டைல் இடுக்கால கொஞ்ச நாளா ஈரம் கசிஞ்சது, குளிக்கிற தண்ணி எண்டு விட்டிட்டம்" எண்டு மருமகள் சொன்னவா.

இது கொழும்பில அடிக்கடி பாக்கிற பிழை. முழுக்கப் பிவிசியில செய்த எல்போவுக்குள்ள பித்தளை டெப்பைத் திருகிறது, அது ஒழுகாம இருக்க நூல் டேப்பை 15, 20 சுத்து சுத்தி குறடு போட்டு இறுக்கிறது. உலோகம் இளகாது, பிவிசிதான் விரிஞ்சு குடுக்கோணும், அது எப்பவும் இழுபட்டபடி நிண்டு நிண்டு ஒருநாள் வெடிக்கும். அதுக்கு மேல வாளியை டெப்பில கொழுவி விடுறதும் இறுகின டெப்பை இழுத்துத் திறக்கிறதும் சேர்ந்தா முடிஞ்சுது. இந்த இடத்துக்கு உள்ள பித்தளைத் திருகாணி வச்ச எல்போதான் போடோணும், விலை கொஞ்சம் கூட, ஆனா பித்தளையும் பித்தளையும் திருகிறபடியால பிளாஸ்டிக்கில அந்த இழுவை வராது. டெப்பின்ட திருகாணி முழுசா நல்லா இருந்து, எல்போவும் உடையாம, டெப் மட்டும் இளகிக் கழண்டு வந்திருந்தா கதை வேற, அப்ப அதே டெப்பையோ அரை இஞ்சி அடைப்புத் திருகாணி ஒண்டையோ திருகிவிட்டாலே தண்ணி நிண்டிருக்கும். வளையம் ஒட்டிக்கொண்டு வந்தா அதுக்கு வழியில்லை, திருகிறதுக்கு அங்க ஒண்டும் மிச்சமில்லை.

திருத்தின விதம்: ரெண்டு டைலை உடைச்சு பழைய எல்போவை வெட்டி எடுத்து பித்தளை வச்ச எல்போ போட்டம். ஒட்டினது காலமை 10 மணிக்கு, தண்ணி விட்டது பின்னேரம், ஒட்டுற கம் காய முந்தி அவசரப்பட்டு விட்டா மூட்டு உள்ளுக்க நழுவும், சுவரைப் பூசின பிறகுதான் அது தெரியவரும். தாங்கியடியில செத்த கேட் வால்வைக் கழட்டிப்போட்டு பித்தளை போல் வால்வு போட்டன், கால் சுத்தில பூட்டிறது, கைபிடி பைப்போட நேரா நிண்டா திறந்திருக்கு, குறுக்க நிண்டா பூட்டியிருக்கு, இருட்டில தடவிப் பாத்தே சொல்லலாம். பிவிசி போல் வால்வும் கடையில மலிவா இருக்கு, ஆனா மொட்டை மாடி வெயில்ல ரெண்டு மூண்டு வருசத்தில கைபிடி முறியிற மாதிரி ஆகிடும், அந்த இடத்துக்கு நான் போட மாட்டன்.

அதைவிட முக்கியமா, மேல் பாத்ரூமுக்குப் போற பைப்பில, பாத்ரூமுக்கு வெளிய, ஆள் உயரத்தில தனியா ஒரு வால்வு போட்டம். மொட்டை மாடிக்கு இரும்பு ஏணி, அதில ஏற அன்ரிக்கும் ஏலாது, பிள்ளையோட தனிய இருந்தா மருமகளுக்கும் ஏலாது. தண்ணியைப் பூட்டிற வால்வு வீட்டில இருக்கிற ஆருக்கும் எட்டாத இடத்தில இருந்தா அது இல்லாத மாதிரித்தான்.

எல்லாம் முடிய அண்டைக்கே அவை மூண்டு பேரையும் வச்சு ஒருக்கா செய்து பாத்தம். மீட்டரைப் பூட்டிப்போட்டு வீட்டில இருக்கிற ஒவ்வொரு டெப்பாத் திறந்தம். குசினி டெப்பும் முத்தத்து டெப்பும் கொஞ்ச நேரத்தில நிண்டிட்டுது, அது லைன் தண்ணி. ரெண்டு பாத்ரூம்லயும் தண்ணி வந்துகொண்டே இருந்தது, அது தாங்கித் தண்ணி. பிறகு தாங்கி வால்வைப் பூட்ட அதுவும் நிண்டது. தாங்கியைப் பூட்டின பிறகும் ஒரு டெப்பில தண்ணி வந்தா, முந்தி ஆரோ லைன் பைப்பையும் தாங்கிப் பைப்பையும் எங்கயோ சேர்த்து விட்டிருக்கினம் எண்டு அர்த்தம், அந்த வீட்டில ரெண்டையும் பூட்டினாத்தான் நிக்கும், சில பழைய வீடுகள்ல கண்டிருக்கிறன். அன்ரி ஒவ்வொரு வால்வுக்கும் கிட்ட எதுக்கு எண்டு மார்க்கர் பேனையால சுவர்ல எழுதி வச்சவா, டீச்சர் எழுத்து, வடிவா இருந்தது.

ஃபிளட்டில இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு, அங்க தாங்கி எல்லாருக்கும் பொது, உங்கட வீட்டுக்குரிய வால்வு பெரும்பாலும் அந்த மாடியில பைப்புகள் போற இடுக்குக்குள்ள இருக்கும், அதின்ட கதவு பூட்டி திறப்பு கீழ செக்கியூரிட்டியிட்ட இருக்கும். ராத்திரி 2 மணிக்கு அந்தத் திறப்பு எங்க எண்டு இப்பவே கேட்டு வையுங்கோ. நிலத்துக்குக் கீழ தாங்கி வச்சு மோட்டர்ல மேல ஏத்துற வீடு எண்டா மோட்டர் சுவிட்சையும் நிப்பாட்டோணும், மேல் தாங்கி குறையக் குறைய அது தானா ஓடி நிறைச்சுக்கொண்டே இருக்கும், மீட்டரைப் பூட்டினாலும் கீழ் தாங்கியில இருக்கிற தண்ணி முழுக்க மேல ஏறி அந்த ஓட்டையால வரும். மீட்டரடியில வால்வே வேலை செய்யாட்டி, இல்லாட்டி மீட்டருக்கு ரோட்டுப் பக்கம் உடைஞ்சா, அதில நீங்கள் கை வைக்காம 1939க்கு அடிச்சு வாட்டர் போர்டுக்குச் சொல்லோணும்.

அந்த வீட்டில கீழ ஹோல் லைற் லைனை ரெண்டு நாள் நிப்பாட்டி வச்சு, காஞ்ச பிறகு எலக்ட்ரிசியன் வந்து பாத்துத்தான் திரும்பக் குடுத்தவர். கீழ் பாத்ரூம்ல இருக்கிற மூண்டு எல்போவும் அதே காலத்தில அதே பாஸ் போட்டது, ஒண்டில டைல் இடுக்கில ஈரம் இப்பவே தெரியுது. வாற கிழமை அதை உடைச்சு மாத்தப் போறன், அதுவரைக்கும் இரவில படுக்கப் போக முந்தி தாங்கி வால்வைப் பூட்டிப்போட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறன்.